டியூஷன் சேனலில் கமென்ட்டும் பெல்லும் சேர்ந்தே காணாமல் போனால்: மேட் ஃபார் கிட்ஸ் அமைப்பைச் சரிசெய்ய முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் தெருவுக்கு ஒரு டியூஷன் சென்டர் இருக்கும். கொரோனா காலத்துக்குப் பிறகு அவற்றில் பலவற்றுக்கும் ஒரு யூடியூப் சேனல் இருக்கிறது. ஒரே மிஸ் காலையில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு "அம்மா, ஆடு, இலை" பாட்டு போடுவார். மாலையில் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வீடியோ போடுவார். இரண்டும் ஒரே சேனல். வீடியோ குழந்தைகளுக்கானதா என்று யூடியூபுக்குச் சொல்லும் மேட் ஃபார் கிட்ஸ் என்ற அமைப்பு அதிகம் சிக்கலாவது இந்த மாதிரி கலவையான சேனல்களில்தான். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் அப்படி ஒரு சேனலையே வைத்துப் பேசுகிறேன்.

பிரச்சினை வெளியே தெரியும் விதம் எப்போதும் ஒன்றுதான். பத்தாம் வகுப்புப் பையன் வந்து நிற்பான்: "மிஸ், டவுட்டு கேக்கலாம்னு பாத்தா கமென்ட்டே ஆஃப்ல கீது. பெல்லும் அமுக்குனா ஒண்ணும் ஆவல." மிஸ் தன் போனில் தேடிப் பார்ப்பார். கமென்ட்டை அணைத்த நினைவே அவருக்கு இருக்காது. உண்மையில் அவர் அணைக்கவில்லை. சேனலைத் தொடங்கும்போது "இது குழந்தைகளுக்கானதா?" என்று கேட்ட இடத்தில் "ஆம்" என்று கொடுத்திருப்பார். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து நல்லெண்ணத்தில் செய்தது அது. கமென்ட்டும் பெல்லும் போனது அந்த ஒரு பதிலால்.

இந்தக் கேள்வி ஏன் வந்தது

அமெரிக்காவில் 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தனிப்பட்ட தகவலைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் இணையத்தில் சேகரிக்கக் கூடாது என்று 1998-ல் இயற்றிய சட்டம் ஒன்று உண்டு. சுருக்கமாகக் கோப்பா என்பார்கள். அதை மீறியதாகத் தொடரப்பட்ட வழக்கில் கூகுளும் யூடியூபும் 2019 செப்டம்பரில் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. அந்த உடன்பாட்டின் தொடர்ச்சியாக, 2020 ஜனவரி முதல் உலகத்தில் எந்த மூலையில் இருந்து வீடியோ ஏற்றினாலும் அது குழந்தைகளுக்கானதா என்று ஏற்றுபவரே சொல்லியாக வேண்டும். நாம் சென்னையில் இருந்து ஏற்றினாலும் விதி அதேதான்.

"ஆம்" என்று சொல்லப்பட்ட வீடியோவைப் பார்ப்பவர் குழந்தை என்றே யூடியூப் எடுத்துக்கொள்கிறது. கமென்ட் பெட்டியில் ஒரு குழந்தை தன் பெயர், பள்ளி, போன் நம்பர் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அதனால் பெட்டி மூடப்படுகிறது. புது வீடியோ வந்ததும் தட்டி அழைக்கும் பெல் நிறுத்தப்படுகிறது. ஆளைப் பார்த்துக் காட்டும் விளம்பரம், லைவ் சாட், கார்டு, கடைசியில் வரும் எண்ட் ஸ்கிரீன் ஆகியவையும் கூடவே போய்விடுகின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தடை வீடியோவோடு ஒட்டியது, பார்ப்பவரோடு ஒட்டியதல்ல. நாற்பது வயது அப்பா தன் சொந்தக் கணக்கில் நுழைந்து பார்த்தாலும் அவருக்கும் கமென்ட் வராது. "பசங்க கணக்குல வயசு தப்பா இருக்கும்" என்று போனை வாங்கி அமைப்பைத் துழாவுவதில் பயனில்லை.

முதலில் நோய் எது என்று பார்க்கவும்

கமென்ட் மூடியிருக்கும் ஒவ்வொரு வீடியோவும் மேட் ஃபார் கிட்ஸ் அல்ல. அதைத் தெரிந்துகொள்ள, சேனலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரின் போனில் அந்த வீடியோவைத் திறந்து கமென்ட் இருக்கும் இடத்தையும், சப்ஸ்கிரைப் செய்த பிறகு அந்தப் பட்டனில் வரும் பெல்லையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டுமே வேலை செய்யவில்லை என்றால் அநேகமாக மேட் ஃபார் கிட்ஸ்தான். பெல் நன்றாக இருந்து கமென்ட் மட்டும் மூடியிருந்தால் காரணம் வேறு. நீங்களோ உங்கள் உதவியாளரோ அந்த வீடியோவுக்குக் கமென்ட்டை அணைத்திருக்கலாம். அல்லது வீடியோவில் சிறுவர்கள் தெரிவதால் யூடியூபே கமென்ட்டை நிறுத்தியிருக்கலாம். இந்த நடவடிக்கையை 2019-ல் இருந்தே எடுக்கிறார்கள், இது மேட் ஃபார் கிட்ஸிலிருந்து தனி. சென்டர் ஆண்டு விழா வீடியோவுக்கு இப்படி நடந்தால் அது பெற்றோருக்கான வீடியோதான், குழந்தைகளுக்கான வீடியோ ஆகிவிடவில்லை. பிள்ளைகள் முகம் தெரியும் வீடியோவில் கமென்ட்டை நாமே அணைத்து வைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எல்லோருக்கும் கமென்ட் வந்து ஒரே ஒரு மாணவனுக்கு மட்டும் வரவில்லை என்றால், அவன் போனில் "Restricted Mode" போட்டிருக்கலாம், அல்லது பெற்றோர் கண்காணிக்கும் கணக்கில் அவன் இருக்கலாம். அதை அவன் வீட்டில்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டு அடுக்கு இருக்கிறது

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது. இந்தக் கேள்விக்கான பதில் இரண்டு இடத்தில் பதிவாகிறது. ஒன்று சேனல் மட்டம், இன்னொன்று வீடியோ மட்டம்.

சேனல் மட்டத்தில் மூன்று தேர்வுகள்: முழுச் சேனலும் குழந்தைகளுக்கானது, முழுச் சேனலும் குழந்தைகளுக்கானதல்ல, ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன். இங்கே கொடுக்கும் பதில் இனி ஏற்றப்போகும் வீடியோக்களோடு ஏற்கெனவே உள்ளவற்றுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு வீடியோவுக்குத் தனியாகப் பதில் கொடுத்திருந்தால், அந்த வீடியோவைப் பொறுத்தவரை அதுவே செல்லும். சேனலின் பதில் அதை மாற்றாது.

அதனால்தான் "சேனல் செட்டிங்கை மாத்திட்டேன், இன்னும் பழைய வீடியோவுல கமென்ட் வரல" என்ற புகார் வருகிறது. அந்த வீடியோக்களுக்கு ஏற்றும்போதே தனியாக "ஆம்" கொடுத்திருப்பார்கள்.

பெல்லுக்கு வந்தால் சேனல் மட்டம் இன்னும் கடுமையானது. சேனலே குழந்தைகளுக்கானது என்று இருந்தால், அதன் சந்தாதாரர் எல்லோருக்கும் பெல் "None" நிலையில் நின்றுவிடும். அவர்கள் அதை மாற்றவும் முடியாது. சேனலின் போஸ்ட் வசதியும் இருக்காது. ஆக, "இன்று மாலை புது வீடியோ" என்று எழுதிப் போடவும் வழியில்லை. மாறாக, பொதுச் சேனலில் ஒரு வீடியோ மட்டும் மேட் ஃபார் கிட்ஸ் என்றால், அந்த ஒரு வீடியோவுக்குத்தான் அறிவிப்பு போகாது, அதன் பக்கத்தில்தான் பெல் இயங்காது. மற்ற வீடியோக்களுக்கு அறிவிப்பு வழக்கம்போலப் போகும்.

எது குழந்தைகளுக்கானது: வகுப்பு வாரியாகப் பிரிப்பது

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டில் வீடியோக்களைப் பிரித்துவிடுங்கள். நம் உதாரணச் சேனலில் 60 வீடியோ இருப்பதாக வைப்போம். 22 வீடியோ எழுத்துப் பாட்டும் குட்டிக் கதையும். 30 வீடியோ பத்தாம் வகுப்புக் கணக்கு. மீதி 8 வீடியோ ஆறாம், ஏழாம் வகுப்பு.

முதல் 22-ல் சந்தேகமே இல்லை. எளிய பாட்டு, பொம்மை, கார்ட்டூன் உருவம், சின்னப் பிள்ளையிடம் பேசும் மொழி, ஆரம்பப் பாடம் எல்லாம் இருக்கின்றன. அவை மேட் ஃபார் கிட்ஸ்தான். பத்தாம் வகுப்பு மாணவருக்கு வயது 15 அளவில். இருபடிச் சமன்பாடு எந்தச் சிறு குழந்தையையும் நோக்கிய பாடமல்ல. அந்த 30 வீடியோவும் குழந்தைகளுக்கானவை அல்ல.

ஆறாம், ஏழாம் வகுப்பில்தான் யோசிக்க வேண்டும். அந்த மாணவர்கள் 11, 12 வயதுக்காரர்கள். வீடியோவே அவர்களிடம் பேசுகிறது என்றால் அது 13-க்கு உட்பட்டவர்களை நோக்கியதுதான். நான் அவற்றைக் குழந்தைகள் பக்கமே வைப்பேன். அதே பாடத்தை "வீட்டில் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது" என்று அம்மாக்களிடம் பேசி எடுத்திருந்தால் பார்வையாளர் பெரியவர்கள், அது மறுபக்கம். யாரை மனத்தில் வைத்து எடுத்தோம், எந்த மொழியில் பேசினோம் என்பதே அளவுகோல். குழந்தைகளும் பார்க்கலாம், பார்த்தால் கெடுதல் இல்லை என்பதால் மட்டும் ஒரு வீடியோ மேட் ஃபார் கிட்ஸ் ஆகாது.

இங்கே ஒரு பயத்தை நீக்கிவிட வேண்டும். "குழந்தைகளுக்கானதல்ல" என்று கொடுத்தால் அது 18 வயதுக்கு மேற்பட்டோர் படம் ஆகிவிடும் என்று பல மிஸ்கள் நினைக்கிறார்கள். ஆகாது. வயதுக் கட்டுப்பாடு என்பது அதற்குக் கீழே "Age restriction (advanced)" என்று தனியாக இருக்கும் வேறொரு கேள்வி. அதைத் தொடவே வேண்டாம். கணக்கு வீடியோவுக்கு அதில் கட்டுப்பாடு போட்டுவிட்டால் பள்ளி மாணவர்களால் வீடியோவைப் பார்க்கவே முடியாது.

சரிசெய்யும் வரிசை

வீடியோக்களை முதலில், சேனலைக் கடைசியில். சேனலின் பதிலை முதலில் நீக்கிவிட்டால், தனிப் பதில் இல்லாத பாட்டு வீடியோக்கள் கொஞ்ச நேரமாவது அடையாளமில்லாமல் நிற்கும். அதைத் தவிர்க்கவே இந்த வரிசை. முழு வேலையையும் கணினியில் செய்யுங்கள். நிறைய வீடியோவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால் போனில் கண் வலிக்கும்.

1. studio.youtube.com திறந்து, இடப்பக்கம் "Content" போங்கள். நோட்டில் குழந்தைகள் பக்கம் எழுதிய வீடியோக்களை டிக் செய்யுங்கள். மேலே வரும் பட்டையில் "Edit", அதில் "Audience", அதில் "Yes, it's made for kids". பிறகு "Update videos".

2. அதேபோல் பத்தாம் வகுப்பு வீடியோக்களை டிக் செய்து "No, it's not made for kids" கொடுங்கள். வீடியோ பட்டியல் பல பக்கமாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் சரியானவைதான் டிக் ஆகியிருக்கின்றனவா என்று தலைப்பைப் படித்துப் பாருங்கள். அவசரத்தில் "எல்லாம்" என்று தேர்ந்தெடுத்தால் பாட்டு வீடியோவும் சேர்ந்து மாறிவிடும்.

3. இப்போது இடப்பக்கம் கீழே "Settings", "Channel", "Advanced settings". அங்கே "I want to review this setting for every video" என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். இனி ஒவ்வொரு வீடியோ ஏற்றும்போதும் கேள்வி வரும். பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. கலவையான சேனலுக்கு அதுதான் நல்லது.

4. பட்டியலுக்குத் திரும்பி "Restrictions" பத்தியைப் பாருங்கள். பாட்டு வீடியோக்களுக்கு எதிரே "Made for kids" என்று இருக்க வேண்டும். கணக்கு வீடியோவுக்கு எதிரே அப்படி எதுவும் இருக்கக் கூடாது. அது யூடியூபே போட்ட அடையாளம் என்று காட்டினால், அந்த வீடியோவை உங்களால் மாற்ற முடியாது. நம் தரப்பில் நியாயம் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம். எந்த வகுப்புக்கான பாடம், யாரை நோக்கிப் பேசுகிறோம் என்று தெளிவாக எழுதுங்கள். அதே நேரம் தலைப்பையும் தம்ப்நெயிலையும் ஒரு முறை பாருங்கள். பத்தாம் வகுப்புப் பாடத்துக்குக் கார்ட்டூன் யானையும் "செல்லக் குட்டீஸ்" என்ற தலைப்பும் வைத்திருந்தால் யூடியூப் அதைக் குழந்தைகள் வீடியோ என்று எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

கமென்ட் திரும்ப வந்ததா

அடையாளத்தை மாற்றிய பிறகு ஒரு கணக்கு வீடியோவைத் திறந்து "Show more" அழுத்திக் கீழே "Comments and ratings" வரை போங்கள். மேட் ஃபார் கிட்ஸாக இருந்தபோது அந்தப் பகுதியைத் தொட முடியாது. இப்போது தொட முடிய வேண்டும். "On" இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். "Off" என்றிருந்தால் மேட் ஃபார் கிட்ஸை நீக்கியும் பெட்டி திறக்காது. இங்கேதான் திறக்க வேண்டும்.

கமென்ட் திறந்ததும் கூட ஒரு பொறுப்பும் வருகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் தங்கள் போன் நம்பரை அப்படியே எழுதுவார்கள். அதே பகுதியில் கமென்ட்டை நாம் பார்த்த பிறகே வெளியிடும்படி நிறுத்தி வைக்கும் தேர்வு உண்டு. தேர்வு நேரத்தில் தினமும் பார்த்து விடுவிக்க ஆள் இருந்தால் அதையே நான் பரிந்துரைப்பேன்.

எதிர்த்திசையில் போகும்போதும் கவனம் தேவை. இதுவரை பொதுவாக இருந்த ஆறாம் வகுப்பு வீடியோவை மேட் ஃபார் கிட்ஸ் ஆக்கப் போகிறீர்கள், அதன் கீழே மாணவர் கேட்ட நல்ல கேள்விகளும் உங்கள் பதில்களும் இருக்கின்றன என்றால், மாற்றும் முன் அவற்றைப் படி எடுத்து வையுங்கள். மாற்றியதும் அவை யார் கண்ணுக்கும் தெரியாது.

பெல்: இங்கே நேரம்தான் முக்கியம்

கமென்ட் என்பது ஒரு பெட்டி. எப்போது திறந்தாலும் திறந்ததுதான். அறிவிப்பு அப்படியல்ல. வீடியோ வெளியாகும் அந்த நேரத்தில் ஒரு முறை போவது. நேற்று மேட் ஃபார் கிட்ஸ் என்று வெளியிட்ட கணக்கு வீடியோவை இன்று திருத்தினால் கமென்ட் வரும், ஆனால் நேற்று போகாத அறிவிப்பு இன்று போகாது.

ஆகவே புது வீடியோவை முதலில் "Private" என்று ஏற்றுங்கள். "Audience" பதிலைச் சரிபாருங்கள். "Show more" உள்ளே "Publish to subscriptions feed and notify subscribers" என்பதில் டிக் இருக்கிறதா பாருங்கள். பிறகே பொதுவில் விடுங்கள் அல்லது நேரம் குறித்து வையுங்கள்.

சேனல் மட்டத்தில் பெல் முடங்கியிருந்த காலத்தில் சேர்ந்த மாணவர்களிடம், சேனல் பக்கத்தில் போய் பெல்லை அழுத்தி "All" கொடுக்கச் சொல்லுங்கள். வகுப்பில் ஐந்து நிமிட வேலை. கூடவே போனின் அமைப்பில் யூடியூப் அறிவிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கும் மேல் ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு சேனலிலிருந்து 24 மணி நேரத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் 3 புது வீடியோ அறிவிப்புகள்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 10 வீடியோவை ஒன்றாக வெளியிட்டால் மிச்சத்துக்கு அறிவிப்பு வராததற்கு மேட் ஃபார் கிட்ஸ் காரணமல்ல. நாளுக்கு இரண்டாகப் பிரித்து நேரம் குறியுங்கள்.

தேர்வுக்கு முன்னால் லைவ் வகுப்பு எடுப்பவர்கள், லைவ் அமைக்கும் திரையிலும் இதே கேள்வி வரும் என்பதை நினைவில் வையுங்கள். அங்கே "ஆம்" கொடுத்துவிட்டால் லைவ் சாட் இருக்காது. சந்தேகம் கேட்கவென்றே வைத்த வகுப்பில் யாரும் கேட்க முடியாது.

நிறைய வீடியோ உள்ளவர்களுக்கு ஒரு குறுக்குவழி

சேனலில் நூற்றுக்கணக்கில் வீடியோ இருந்து, யூடியூப் டேட்டா ஏ.பி.ஐ. பழக்கமுள்ள ஒரு தம்பி கைவசம் இருந்தால், ஒரே அழைப்பில் 50 வீடியோ வரை அவற்றின் அடையாளத்தைப் பார்த்துவிடலாம்:

```
GET https://www.googleapis.com/youtube/v3/videos?part=status&id=ID1,ID2&key=API_KEY
```

பதிலில் `madeForKids` என்பது வீடியோவின் இப்போதைய நிலை. `selfDeclaredMadeForKids` என்பது நீங்கள் சொன்ன பதில்; சேனல் உரிமையாளரின் அனுமதியோடு கேட்டால்தான் இது வரும். முதலாவது `true`, இரண்டாவது `false` என்றால் யூடியூப் உங்கள் பதிலை மாற்றி வைத்திருக்கிறது என்று பொருள்.

பாட்டு வீடியோக்களை என்ன செய்வது

கமென்ட் வேண்டும், பெல் வேண்டும் என்பதற்காகப் பாட்டு வீடியோவையும் "இல்லை" என்று மாற்றிவிடச் சொல்லும் ஆலோசனை நிறையக் கேட்கிறேன். செய்யாதீர்கள். அது பொய்யான பதில், அதற்குப் பொறுப்பு ஏற்றியவருடையது. யூடியூபும் கண்டுபிடித்து அடையாளத்தைத் தானே போட்டுவிடும்; பிறகு உங்கள் கையில் அது இருக்காது. அதைவிட, எல்.கே.ஜி. பிள்ளை தட்டித் தட்டி எதையோ அனுப்பும் பெட்டி அங்கே இல்லாமல் இருப்பதே நியாயம்.

பெற்றோரிடம் தகவல் சொல்ல சென்டரின் வாட்ஸ்அப் குழு போதும். புதுப் பாட்டு வந்தால் லிங்கை அங்கே போடுங்கள். எண்ட் ஸ்கிரீன் இயங்காததால் அடுத்த பாட்டின் லிங்கை விவரணையின் முதல் வரியில் வையுங்கள். சந்தா அப்படியே இருக்கும் என்பதால் யூடியூபின் "Subscriptions" பகுதியைத் திறந்து பார்க்கும் பெற்றோருக்கு வீடியோ கிடைக்கும். தட்டி அழைக்காது, அவ்வளவுதான்.

வாரம் தவறாமல் இரண்டு வகையும் போடுகிறவர் என்றால் சேனலை இரண்டாகப் பிரிப்பதே என் யோசனை. ஒரே கூகுள் கணக்கில் இன்னொரு சேனல் தொடங்கலாம். புதுச் சேனலை முழுக்க மேட் ஃபார் கிட்ஸ் என்று வைத்துப் பாட்டும் கதையும் அதில் மட்டும் போடுங்கள். பழைய சேனல் கணக்குக்கு. பத்தாம் வகுப்புப் பையனின் பட்டியலில் நரிக் கதை வந்து நிற்காது. ஒரு சேனலிலிருந்து இன்னொன்றுக்கு வீடியோவை நகர்த்த வழியில்லை, மறுபடி ஏற்றினால் பார்வை எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எனவே பழைய 22 பாட்டையும் இருந்த இடத்திலேயே சரியான அடையாளத்தோடு விட்டுவிட்டு, இனி எடுப்பதை மட்டும் புதுச் சேனலில் போட்டால் போதும்.